நாத்தனார் முடிச்சுக்கு இரண்டு மாத விடுப்பு

கமலாக்ஷி டீச்சர் எந்த விண்ணப்பத்தையும் நகல் இல்லாமல் கொடுப்பதில்லை. அப்பா இறந்தபோது அவள் கொடுத்த விடுப்புக் கடிதம் பள்ளிக்கூடத்தில் "காணாமல்" போயிற்று. சொல்லாமல் வேலைக்கு வரவில்லை என்று எழுதி, அவளுடைய ஊதிய உயர்வையும் தள்ளிப்போட்டார்கள். அன்றுமுதல் நகலில் பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட்டாலொழிய அவள் இடத்தைவிட்டு அசைவதில்லை.

மட்டாஞ்சேரியில் அந்தத் தொடக்கப் பள்ளியின் தமிழ் வகுப்புக்கு அவள் ஒருத்திதான் ஆசிரியை. அந்த வகுப்பில் பிள்ளைகள் இருக்கும்வரைதான் அவள் வேலையும் இருக்கும். முன்பு அதே பள்ளியில் இன்னொரு தமிழ் வகுப்பை நடத்தியவள், கல்யாணம் பார்க்கப் போகிறேன் என்று சிங்கப்பூருக்குக் கப்பலேறி, ராஜினாமாவைத் தபாலில் அனுப்பினாள். பிள்ளைகள் மலையாள வகுப்புக்குப் போனார்கள். அந்த இடமும் அத்தோடு போயிற்று.

இப்போது கமலாக்ஷியும் பினாங்குக்குப் போக இரண்டு மாத விடுப்புக் கேட்டாள். காரணம்: குடும்பச் சடங்கு. தலைமையாசிரியர் சங்குண்ணி மேனோன் நகலில் கையொப்பமிட்டார். ஆனால் மேல் அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. பாஸ்போர்ட்டுக்கு வேண்டிய ஆட்சேபணையில்லைக் கடிதத்தையும் கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம், "நோக்கட்டே டீச்சரே" என்று தள்ளிப்போட்டார்.

பயிற்சி முடித்துவிட்டு வேலையில்லாமலிருந்த அவருடைய மருமகள் அம்மிணி சில நாட்களாகப் பள்ளிக்கு வந்து போவதைக் கமலாக்ஷி கவனித்தாள். அம்மிணிக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பள்ளி திறந்து தலை எண்ணும் ஜூன் மாதம் அவளைப் பதிலுக்கு உட்காரவைத்து, பிள்ளைகளை மெல்ல மலையாளத்துக்கு நகர்த்தினால் தான் திரும்பி வர இடம் ஏது என்று கணக்குப் போட்டாள். விண்ணப்பத்தின் இன்னொரு நகலைக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, நேரே மேனோன் முன்னால் போய் நின்றாள்.

"மாஷே, என் அப்ளிகேஷன் என்னாச்சு? அம்மிணிக்கு இடம் பார்க்கிறேளா?"

மேனோன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது கிடக்கட்டே. உள்ளதைச் சொல்லணும். செறுக்கன் எவ்விடத்துக்காரனாக்கும்?"

"எந்த மாப்பிள்ளை?"

"டீச்சர் தாலி பணியக் கொடுத்ததல்லவோ? தட்டான் சாயாக்கடையில் வச்சு என்னிடம் கேட்டான், டீச்சருக்கு எப்போ கல்யாணம்னு. நாற்பது வயசில் கல்யாணம் நல்லதாக்கும். கழிக்கட்டே! பக்ஷே, என் ஸ்கூலில் இன்னொரு போஸ்ட் கப்பலேற நான் சம்மதிக்க மாட்டேன்."

கமலாக்ஷிக்கு முகம் சிவந்தது. "அந்தத் தாலி எனக்கில்லை. எங்க மன்னிக்கு."

"மன்னிக்குக் கல்யாணம் கழிஞ்சதல்லவோ?"

"பினாங்கில் இருக்கற அண்ணாவுக்கு அறுபது நிறையறது. மறுபடியும் மன்னிக்குத் தாலி கட்டுவான். முதல் முடிச்சு அவன் போடுவான். மத்ததைக் கூடப்பிறந்தவள்தான் போடணும். அவனுக்கு வேற யாரும் இல்லை. நெஞ்சு வலிக்காரன், கப்பலேறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு."

"ஷஷ்டிபூர்த்தி எங்களுக்கும் உண்டு. அம்பலத்தில் தொழுது சத்யை விருந்து உண்ணும், தீர்ந்தது. கிழவனும் கிழவியும் பின்னெயும் தாலியோ?" என்று மேனோன் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை. அவள் சொன்னதை அவரும் நம்பவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை சமூக மடத்துக்கு வாங்கோ. வெங்கிடாசலம் மாமாவுக்கு அறுபது. கண்ணால் பாருங்கோ."

மேனோன் வந்தார். தூணோரம் நின்று, யாரோ தன்னை ஏமாற்றப் போகிறார்கள் என்பதுபோலப் பார்த்தார். கலச நீர் ஊற்றிய ஈரத்தலையோடு வெங்கிடாசலம் மாமா மனைவியின் கழுத்தில் தாலி கட்டினார். பின்னாலிருந்து அவருடைய தங்கை, பேரன் பேத்திகள் கெக்கலிக்க, மற்ற முடிச்சுகளை இறுக்கினாள்.

இலையில் உட்காரும்போது மேனோன் சொன்னார்: "இத்தனை வருஷம் ஒரே ஸ்கூலில் இருந்தோம். இதொன்றுக்கும் என்னை விளிச்சதில்லையே, டீச்சரே."

கமலாக்ஷி அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னாள். ஆனால் அடுத்த நாள் அவர் ஆட்சேபணையில்லைக் கடிதத்திலும் விடுப்புப் பரிந்துரையிலும் கையொப்பமிட்டபோது, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். பதிலுக்கு வருபவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று அவரைக்கொண்டே ஒரு வரி சேர்க்கவும் வைத்தாள். அம்மிணிக்குப் பதில், தமிழ் படித்த ராவுத்தர் வீட்டுப் பெண் ஷரீஃபா நியமிக்கப்பட்டாள்.

பினாங்கில் மன்னியின் கழுத்தின் பின்னால் முடிச்சிட்டபோதும் அவள் மனம் மட்டாஞ்சேரியில்தான் இருந்தது. ஜூனில் பிள்ளைகளின் தலை எண்ணியிருப்பார்கள். எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

விடுப்பு முடிந்த மறுநாள், மணியடிக்கும் முன்பே பள்ளிக்கு வந்தாள். வாசலில் மேனோன் நின்றார். அவர் பார்வை முதலில் அவள் கழுத்துக்குப் போயிற்று. அங்கே பழைய ஒற்றைச் சங்கிலிதான் இருந்தது. அவள் பார்வையோ அவரைத் தாண்டி வகுப்புக்குள் போயிற்று. பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஷரீஃபா கரும்பலகையில் தமிழ்தான் எழுதிக்கொண்டிருந்தாள்.

"வந்தல்லோ!" என்றார் மேனோன், நம்ப முடியாதவர்போல.

"வந்துட்டேன். பணியில் சேர்ந்ததுக்குக் கடிதம் கொண்டுவந்திருக்கேன், மாஷே" என்று இரண்டு தாள்களை நீட்டினாள். "நகலில் ஒரு ஒப்பு."

மேனோன் அதையும் படித்துப் பார்த்துத்தான் கையொப்பமிட்டார்.