சாம்பிராணிக்கு ஓடியவள்

இதை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். மறுபடி ஊர் வாயில் விழ வேண்டுமே என்ற கூச்சம். இப்போது ஆண்டவர்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

தாராவியில் எங்கள் வீடு. ஒரு சாயங்காலம் சாம்பிராணி போட்டு, நானும் மகளும் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு சிலிண்டர் வெடித்தது. வாசலில் தீ. மகளை இழுத்துக்கொண்டு ஓடினேன். தேவ கிருபை, யாருக்கும் உயிர்ச்சேதமில்லை.

அடுத்த திருநாள் பூசையில் பீடத்தருகே சாமியார் தூபம் ஆட்டினார். தீயைப் பற்றிய நினைப்பே எனக்கில்லை. அதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது, கைகால் சில்லிட்டது. என் கால்கள் வெளியே ஓடிவிட்டன. பிறகு கோயில் வாசலில் லேசாக வாடை வந்தாலே அப்படித்தான்.

"ஏட்டி, சாம்பிராணிக்குப் பேயிதான ஓடும்? இவ என்னத்துக்கு ஓடுதா?" என்று எதிர்வீட்டு அக்கா எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். அதன்பின் என் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வருவது நின்றது. என் வீட்டுக்காரர் சாம்பிராணி டப்பாவை எடுத்து ஒளித்தார். "நீ வீட்லயே இரி. சேசு இங்கயும்தான இருக்காரு" என்றார். ஞாயிறுதோறும் பூசை மணி கேட்கும். நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையிலேயே பேயோ என்று நானே நினைத்தேன்.

மகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் வயது வந்தது. "எல்லாரு அம்மையும் வருவாங்க. நீ?" என்றாள். அந்தக் கேள்விதான் என்னை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனது.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்; மாட்டுங்கா ஐயர் வீட்டுத் தமிழ் பேசினார். "மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் பாதாம் கொட்டை மாதிரி ஒண்ணு இருக்கு, அமிக்டலான்னு. அன்னைக்கு அந்த வாசனையும் வெடிச்சதும் சேர்ந்தே வந்துதா, ரெண்டையும் அது முடிச்சுப் போட்டுடுத்து. வாசனை அதுக்கிட்ட ரொம்ப சீக்கிரமா போயிடும். நீங்க யோசிக்கறதுக்குள்ள உடம்பை ஓடச் சொல்லிடும்."

"அப்ப பேயி இல்லையா டாக்டர்?"

"பேய்க்கு நான் மாத்திரை எழுதறதில்லேம்மா" என்று சிரித்தார். "ஓடினா உடனே பயம் அடங்கறதோன்னோ? ஓடினதாலதான் பொழைச்சோம்னு மூளை நம்பிடறது. அப்புறம் எப்படி மாறும்? டப்பாவை ஒளிச்சது பாசம்தான். ஆனா பயத்துக்கு அதுதான் தீனி."

அவர் பார்க்க, மூடிய டப்பாவிலிருந்து தொடங்கினேன். பிறகு திறந்த டப்பா, பல வாரம் கழித்து ஒரு துளி புகை. பயம் இறங்கும்வரை எழக் கூடாது. "பழசு அழியாதும்மா. இப்ப ஆபத்தில்லேன்னு புதுசா ஒண்ணு கத்துக்கறது. அப்பப்ப பழசு தலை நீட்டும்" என்றார்.

புதுநன்மையன்று தூபம் எழுந்தபோது பழசு தலை நீட்டத்தான் செய்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வியர்த்துக் கொட்டியது, பிறகு மெல்ல இறங்கியது. மகள் நன்மை வாங்கியதைக் கண்ணாரப் பார்த்தேன். வீட்டுக்காரர் ஆண்கள் பக்கம் இருந்தார். என் பக்கத்தில் உட்கார ஒருவரும் வரவில்லை. பெஞ்சு முழுக்க நான் ஒருத்திதான்.

உங்கள் தெருவிலும் புகைக்கு ஓடுகிறவள் ஒருத்தி இருப்பாள். அவளிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, கதை நல்லதாக முடிய வேண்டுமென்று அந்தப் பெஞ்சில் யாரையும் கொண்டுவந்து உட்கார வைக்காதீர்கள். நடந்தது நடந்தபடியே போகட்டும்.