மேகலாவும் டிராகனும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் மேகலாவுக்கு, சாப்பாட்டு நேரத்தில் செல்போன் கேம் ஆடாவிட்டால் சோறு இறங்காது. ஒரு வாரமாக ஒரே டிராகனிடம் தோற்றுக்கொண்டிருந்தாள். அடிக்குப் பயந்து, எப்போதும் தன் வீரனைக் கேடயத்துக்குள்ளேயே ஒளித்துவைப்பாள்.

பக்கத்து மெஷின் பாரதி எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, இப்டி ஒளிஞ்சிக்கினா பெரிய வெட்டு வெட்டறதுக்கான லிமிட் பிரேக் கோடு எப்டி ரொம்பும்? இந்த கேம்ல அடி வாங்குனாதான் அந்தக் கோடு ஏறும்."

"செத்துட்டான்னா?"

"உசுரு கம்மியானா மருந்து குடு. கோடு இறங்காது."

மேகலா மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேடயத்தை இறக்கினாள். டிராகன் நெருப்பைக் கக்கக் கக்க, கோடு மளமளவென ஏறியது. இடையில் ஒருமுறை மருந்து கொடுத்தாள். கோடு நிரம்பி மின்னியதும் சிறப்புத் தாக்குதலைத் தட்டினாள். வீரன் எகிறிப் பாய்ந்து வெட்டிய வெட்டில் டிராகன் சாய்ந்தது.

"வுழுந்துடுச்சிடி!"

அவள் போட்ட கூச்சலில் சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார். "எந்த லெவல்மா?" என்றார்.