வலிக்காத கட்டி

சளி பிடித்து நாலைந்து நாளில் என் மகளுக்குத் தாடைக்குக் கீழே நெறி கட்டிக்கொண்டது. தொட்டாலே ஊரைக் கூட்டினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டேன். சளி போயும் கட்டி போகவில்லை. என் வீட்டுக்காரருக்குத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் வேலை. குளிக்காமல்கூட எங்களோடு கிளினிக்குக்கு வந்தார்.

டாக்டரம்மா கட்டியை விரலால் நகர்த்திப் பார்த்தார். "அமுக்குனா வலிக்குது, மெத்துன்னு நழுவுது. சளியோட உடம்பு சண்டை போட்டதுல வந்த வீக்கம். ரெண்டு மூணு வாரத்துல மெல்ல வத்தும். பத்துப் போட வேணாம், தோல் வெந்துரும். வத்தாம பெருசானாலோ, கல்லு மாதிரி அசையாம இருந்தாலோ, காய்ச்சல் விடலைன்னாலோ, எடை கொறஞ்சாலோ உடனே கூட்டிட்டு வாங்க."

எனக்கு உயிர் வந்தது. என் வீட்டுக்காரருக்கும்தான். சிரித்துக்கொண்டே சட்டைக் காலரை விலக்கினார். "எனக்கும் இங்கன ஒண்ணு கெடக்கு டாக்டரம்மா. மூட்டை அழுத்திக் காச்சுப்போச்சு. வலி சுத்தமா இல்ல."

இடது காறை எலும்புக்கு மேலே இருந்தது அது. மார்க்கெட்டில் பாதிப் பேருக்குத் தோளில் காய்ப்பு உண்டு. அதனால் எனக்கும் அது ஒரு சங்கதியாகவே தெரிந்ததில்லை.

அதைத் தொட்ட டாக்டரம்மாவின் விரல் அங்கேயே நின்றது.

"எம்புட்டு நாளா இருக்கு? எடை கொறஞ்சிருக்கா?"

"பொங்கலுக்கு முந்தியே இருந்துச்சு. வேட்டி நழுவத்தான் செய்யுது" என்று மறுபடி சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கட்டியில் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும், இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்.

மகளின் கட்டி வற்றி மறைந்த வாரம் அவருடைய சோதனை முடிவு வந்தது. வயிற்றில் தொடங்கிய புற்றுநோய் கழுத்துவரை வந்திருந்தது. "புள்ளைக்கு வத்திருச்சுல்ல, அது போதும்" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. அவருக்குப் போதுமாம். எனக்குப் போதவில்லை, இன்றுவரை போதவில்லை. மல்லிகை விலை ஏறும் மார்கழிக்குள் அவர் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அவரோடு மூட்டை தூக்கியவர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைத் தேற்றுகிற எண்ணத்தில் தன் கழுத்தைக் காட்டினார்.

"கட்டிய முன்னாடியே கவனிக்கலையேன்னு மருகாதீங்க மதினி. எனக்குந்தான் ரொம்ப நாளா இங்கன ஒண்ணு இருக்கு. வலிக்கவே இல்ல. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

கூச்சம் பார்க்காமல் கை வைத்து அமுக்கினேன். கெட்டியாக இருந்தது. அசையவில்லை.

பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

"எந்திரிங்க தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"செத்த நேரம் மதினி, சாப்டுட்டுப் போறேன்."

"இப்பவே போங்க" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் செத்த அன்றுகூட என் வாயிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரவில்லை.