விவாகரத்துக்குப் பச்சை வளையம்

அறுபதைத் தாண்டிய என் பெற்றோருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்த அன்று, அப்பா பழக்கதோஷத்தில் பால்கோவா வாங்கிவிட்டார். அரைக் கிலோ. அம்மாவும் பழக்கதோஷத்தில், "எதுக்கு இம்புட்டு?" என்று கடிந்துகொண்டாள். முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியம் அதோடு சட்டப்படி முடிந்தது.

அப்பா ராணுவத்தில் இருந்தவரை அவர்கள் அருமையான ஜோடி. வருடத்துக்கு இரண்டு மாத விடுப்பு. அந்த இரண்டு மாதத்தைக்கூடத் தாங்காத அன்பு உண்டா? பிறகு வடக்கே ஒரு வங்கியில் காவல் வேலை. நான்கு வருடத்துக்கு முன் நிரந்தரமாக ஊர் திரும்பியபோதுதான் இருவரும் ஒருவரையொருவர் சந்தித்தார்கள் என்று சொல்லலாம். சண்டை ஓயவில்லை. அப்பா மகாராஜபுரத்து வயலோடு போய்விட்டார். அம்மா ராஜபாளையத்துத் தையல் கடையோடு நின்றுவிட்டாள். நான் அம்மாவோடு.

கோர்ட் வாசலில் காத்திருந்தபோது ஒரு படம் எடுத்திருந்தேன். ஒரே பெஞ்சின் இரு முனைகளில் இருவரும், ஆளுக்கொரு திசை பார்த்தபடி. பஸ்ஸில் திரும்பும்போது அதை யாரிடமாவது காட்டாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. ஆனால் என் இன்ஸ்டாகிராம் கணக்கு யாரும் பார்க்கக்கூடியது. அம்மாவின் வாடிக்கையாளர்கள், பெரியப்பா, என் மேனேஜர் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

எனவே நான் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் தெரியும் க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரி. பட்டியலைத் திறந்தால் அது கல்லூரிக் காலத்துக் குப்பை: முப்பத்தொரு பேர். பேசி வருடங்களான ஒன்பது பேரை நீக்கினேன். நீக்கினால் அவர்களுக்குத் தகவல் போகாது. கோழைகளுக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது. மிச்சமிருந்த இருபத்திரண்டு பேருக்கு மட்டும் என் முகத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும். இருபத்து நாலு மணி நேரத்தில் எல்லாம் மறைந்துவிடும். "முப்பத்தெட்டு வருஷம். இன்று முடிந்தது" என்று எழுதிப் போட்டேன். வீடு சேர்வதற்குள் பத்தொன்பது பேர் பார்த்திருந்தார்கள். நாலைந்து பேர் அழுகிற முகம் அனுப்பினார்கள். கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை சித்தி கடைக்கு போன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எக்கா, கோர்ட்டுல நீயும் அத்தானும் உக்காந்திருக்க படம் நம்ம குடும்ப குரூப்புல சுத்துது. மேல பச்சை நட்சத்திரம் போட்டிருக்கு. ரகசியமாப் போட்டா அப்படித்தான் வருமாம்லா?"

பத்தொன்பதில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருக்கிறார். யார் பார்த்தார்கள் என்பதை ஆப் காட்டும். யார் எடுத்தார்கள் என்று சொல்லாது. யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று பேர் மேல் சந்தேகம்; மூன்று பேரிடமும் முன்னைவிட அன்பாகப் பேசுகிறேன்.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டினாள், ஆனால் வேறு காரணத்துக்கு.

"ஏட்டி, பொத்திப் பொத்திச் சொல்ல நான் என்ன களவா எடுத்தேன்? எல்லாரும் பாக்க மாதிரி போடு. தெனமும் பத்துப் பேரு வந்து 'அவிய எங்க, அவிய எங்க'ன்னு கேக்காளுவ. பதில் சொல்லியே வாய் வலிக்கி."

"அதையே மாத்த முடியாதும்மா. அழிச்சிட்டுப் புதுசா போடணும்."

"போடு. நாளைக்கு மறைஞ்சு போறதும் வேண்டாம். நெலைச்சு நிக்கணும்."

ஸ்டோரியை அழித்தேன். படத்தில் அப்பாவும் இருந்ததால் அவரைக் கேட்காமல் போட மனம் வரவில்லை. போனில் முழுதும் கேட்டுவிட்டு, "ஒங்கம்மா என்ன சொல்லுதா?" என்றார்.

"போடச் சொல்லுதா."

"பொறவு என்ன, போடு."

அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். "இருவரும் சம்மதித்துப் பிரிந்தார்கள். சண்டை இல்லை." கமெண்ட்டை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? கடையில வந்து கேக்கதை அங்கனயே கேட்டுத் தொலையட்டும்" என்றாள். போட்ட பிறகு வாசித்துப் பார்த்து, "அது யாரு 'பிரிந்தார்கள்'? அடுத்த வீட்டுக் கதையா? 'பிரிந்தோம்'னு போடு" என்றாள். எழுத்தைத் திருத்தலாம், திருத்தினேன். அடுத்த நிமிடம் அப்பா அழைத்தார். யாரோ காட்டியிருக்கிறார்கள்.

"ஏட்டி, வழுக்கை பளபளன்னு தெரியுது. வேற படம் மாத்து."

போட்ட பதிவில் படத்தை மட்டும் மாற்ற முடியாது. முழுதாக அழித்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்று விளக்கினேன். "சரி, கெடக்கட்டும். படத்துல அவ நல்லா விழுந்திருக்கா" என்றார்.

மதியத்துக்குள் கமெண்ட்டுகள் குவிந்தன. ஒருவர் வாசிக்காமலே "திருமண நாள் வாழ்த்துகள்" என்றார். ஒரு வாடிக்கையாளர், "அக்கா, என் பிளவுஸ் ரெடியா?" என்றார். பெரியப்பா மட்டும், "ரெண்டு பேரும் நல்லவியதான்" என்று எழுதியிருந்தார். அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது எனக்குக் குரல் உடைந்துவிட்டது. அவள் தைத்துக்கொண்டிருந்த துணியிலேயே முகத்தைப் புதைத்தேன்.

அம்மா மெஷினை நிறுத்தி என் தலையில் கை வைத்தாள்.

"அழுவணும்னா அழுவு. ஆனா அது கல்யாண வீட்டுப் பட்டு, மூக்கைச் சிந்திராத."