எட்டாம் வகுப்பில் ஒரு கதிரை

என் கணவருக்கு இங்கிலாந்தில் ஒரு வருடம் படிக்க இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, எங்கள் மருதமுனை வீட்டில் அழுதது மகள் மட்டும்தான். அவர் நெசவுத் துறையில் அரசாங்க உத்தியோகத்தர். சம்பளத்தோடு படிப்பு லீவு, குடும்பத்தையும் கூட்டிப்போக உதவிப்பணம். நானும் அவரும் சந்தோசத்தில் என்ன கதைக்கிறோம் என்று தெரியாமல் கதைத்துக்கொண்டிருந்தோம். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாள்.

“நான் வரல்ல உம்மா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. என்ட கதிரைய ஆரும் எடுத்திருவாங்க.”

வகுப்பு நாற்காலியைப் பற்றி அவள் சொன்னது விளையாட்டு இல்லை. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் சோதனையில் நல்ல புள்ளி எடுத்துத்தான் கல்முனையில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். அங்கே ஒரு இடத்துக்கு எத்தனை வாப்பாமார் எத்தனை பேரின் சிபாரிசோடு வந்து நிற்கிறார்கள் என்பதை ஒவ்வொரு ஜனவரியும் பள்ளிக்கூடக் கேட்டில் பார்க்கலாம். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. செப்டம்பரில் நாங்கள் பயணம்.

“விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு போவோம். வந்து திரும்பச் சேர்ப்போம்” என்றார் கணவர்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. விடுகைப் பத்திரம் வாங்கிவிட்டால் பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இல்லை. வெளியிலிருந்து வருகிற யாரோ ஒருத்தி. திரும்பி வரும்போது கேட்டில் நிற்கிற கூட்டத்தில் நாங்களும் நிற்கவேண்டும். விடுகைப் பத்திரம் எடுக்காமல், சும்மா போகவும் முடியாது. தொடர்ந்து வராத பிள்ளையின் பெயரை வரவு இடாப்பிலிருந்து வெட்டுவார்கள். ஆகவே பெயரை வெட்டாமல் வைத்திருக்கும்படி கேட்டு ஒரு கடிதம் எழுதுவது என்று முடிவெடுத்தேன்.

மூன்று பக்கம் எழுதினேன். மகள் குழந்தையிலிருந்து எப்படிப் படித்தாள், சோதனைக்கு முதல் நாள் காய்ச்சல் வந்தது, அந்தப் பள்ளிக்கூடம் எங்களுக்கு எவ்வளவு பெரிய பாக்கியம், எல்லாம் அதில் இருந்தது. எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது.

அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். அதிபர் டீச்சர் உயரமான மனுசி. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு மூன்று பக்கத்தையும் பொறுமையாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“நல்லா எழுதிரிக்கிங்க. ஆனா இத நான் கல்விக் கந்தோருக்கு அனுப்பினா, அங்க வாசிக்கிறவர் அழுதுபோட்டு பைலுக்குள்ள வெச்சிருவார். எனக்கு ஒரு பக்கம் போதும்.”

“என்ன எழுதணும் டீச்சர்?”

“முதல்ல ஒண்டு சொல்லுங்க. எந்த வகுப்புல இடம் வேணும்?”

“இப்ப இரிக்கிற இடந்தான் டீச்சர்.”

“அந்த இடம் ஏழாம் வகுப்புல இரிக்கி. நீங்க அடுத்த செப்டம்பர் வரக்குள்ள அவட கூட்டாளிமார் எல்லாம் எட்டுல இரிப்பாங்க. ஏழ பிடிச்சு வெச்சு என்ன செய்யப்போறிங்க?”

எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு கதிரையைத் துணி போட்டு மூடிவைத்துவிட்டுப் போவதுபோலத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இல்லாத வருடத்திலும் அவளுடைய இடம் வகுப்பேறவேண்டும் என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அவருடைய மேசையிலேயே குறித்துக்கொண்டேன். பிள்ளையின் முழுப்பெயரும் சேர்விலக்கமும் மேலே வரவேண்டும். போகிற காரணம் ஒரு வசனம். எந்தத் தேதி போகிறோம், எந்தத் தேதி பிள்ளை திரும்பவும் வகுப்பில் இருப்பாள் என்பது தெளிவாக இருக்கவேண்டும். மூன்றாம் தவணைச் சோதனை எழுத மாட்டாள் என்பதால், முதல் இரண்டு தவணைப் புள்ளிகளைப் பார்த்து எட்டுக்கு ஏற்றும்படி கேட்கவேண்டும். அங்கே படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வரவும் தேர்ச்சியும் காட்டுகிற கடிதம் கொண்டுவருவோம் என்று உறுதி சொல்லவேண்டும். தமிழும் இஸ்லாமும் வீட்டில் படிப்பிப்போம் என்றும் எழுதவேண்டும். எந்தப் பிரிவில் போட்டாலும் சம்மதம் என்பது கடைசி வசனம்.

“அதோட, சொன்ன நாளில வராட்டி இடத்துக்கு உரிமை கேக்கமாட்டம் எண்டும் எழுதுங்க” என்றார்.

“அதையும் நானே எழுதணுமா டீச்சர்?”

“நீங்க எழுதினாத்தான் நான் தைரியமா பிடிச்சி வெச்சிரிக்கலாம். முடிவில்லாம காத்திரி எண்டு சொன்னா, ஒரு மாசத்துல ஆராவது வந்து என்ட வாய அடச்சிருவாங்க.”

தவணைகள் தொடங்குகிற நாள்களைப் பார்த்து, அடுத்த வருடம் மூன்றாம் தவணையின் முதல் நாளைத் தேதியாக எழுதினேன். கணவரின் படிப்பு அதற்குள் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். படிப்பு லீவு அனுமதி, இங்கிலாந்திலிருந்து வந்த கடிதம், பாஸ்போட்டுப் பிரதி எல்லாம் இணைத்தோம். அதிபர் கீழே சிபாரிசு எழுதிக் கையெழுத்து வைத்தார். கணவர் அதைக் கல்விக் கந்தோருக்குக் கொண்டுபோய், அந்த அலுவலகத்துக்கு இரண்டு தரம் அலைந்து அனுமதியோடு வந்தார். இலவசப் பாடப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தோம். பள்ளிக்கூட அலுவலகத்தில் என்னுடைய பிரதியில் சீல் குத்தித் தந்தார்கள். மகள் அந்தச் சீலைத் தடவிப் பார்த்துவிட்டு, “அப்ப நான் வாறன்” என்றாள்.

இங்கிலாந்தில் நாங்கள் இருந்தது வடக்கே ஒரு பழைய பஞ்சாலை நகரம். அங்கே அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு காலைப்பொழுதுதான் சென்றது. சிபாரிசும் இல்லை, கூட்டமும் இல்லை. மகளுக்கே அது கொஞ்சம் ஏமாற்றம். “சும்மா உள்ள விட்டுட்டாங்க உம்மா” என்றாள். இரவில் சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு நான் தமிழ் படிப்பித்தேன், அவர் கணக்கும் இஸ்லாமும் படிப்பித்தார். வகுப்புக் கூட்டாளி ஒருத்தி மாதம் ஒரு கடிதம் போடுவாள். அதில் பாடம் கொஞ்சம், யார் யாரோடு கோபம் என்பது நிறைய.

சிக்கல் கோடையில் வந்தது. கணவரின் ஆய்வறிக்கையைப் பார்த்த பேராசிரியர், இன்னும் ஒரு பகுதி சேர்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அது முடிய அக்டோபராகும்.

“டீச்சருக்கு எழுதிக் கேப்பம். ஒரு மாசந்தானே” என்றார் அவர்.

நான் என் பிரதியை எடுத்துவைத்து வாசித்தேன். தேதி என்னுடைய கையெழுத்தில் இருந்தது. அதை மாற்றக் கேட்டால் டீச்சர் தனியாக முடிவெடுக்க முடியாது. அவர் சிபாரிசு செய்தது அந்தத் தேதிக்கு, கல்விக் கந்தோர் அனுமதித்ததும் அந்தத் தேதிக்கு. திரும்பவும் முழுப் பைலும் மேசை மேசையாகப் போகவேண்டும். அது போய் வருவதற்குள் தவணையே தொடங்கிவிடும். எல்லாவற்றையும் விட, ‘வராவிட்டால் உரிமை கேட்கமாட்டோம்’ என்று நானே எழுதியிருக்கிறேன்.

“நானும் மகளும் முன்னுக்குப் போறம். நீங்க முடிச்சிட்டு வாங்க” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதுவரை நான் தனியாகக் கொழும்புக்குக்கூடப் போனவள் இல்லை. “தனியாவா?”

“தனியா இல்ல வாப்பா, நான் இரிக்கன்” என்றாள் மகள்.

விமான நிலையத்தில் பாதை கேட்டதெல்லாம் அவள்தான். அதற்குள் அவளுக்கு அந்த ஊர் இங்கிலீசு நாக்கில் ஏறியிருந்தது. நான் பிரதியை ஹேண்ட்பேக்கில் பாஸ்போட்டோடு வைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கொழும்பிலிருந்து பஸ்ஸில், வழிநெடுக இராணுவச் சோதனைக்கு இறங்கி ஏறி, தவணை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது வீடு வந்து சேர்ந்தோம். சீருடை அவளுக்குக் கட்டையாகிவிட்டது. மடிப்பைப் பிரித்துத் தைத்தேன்.

முதல் நாள் காலையில் அலுவலகத்தில் புதிய உதவி அதிபர் ஒருவர் இருந்தார். எங்களைத் தெரியாது. “எட்டாம் வகுப்பு எல்லாப் பிரிவும் நிரம்பியிரிக்கி. கதிரைக்கி இடமில்ல” என்றார். நான் கடிதத்தின் பிரதியைக் கொடுத்தேன். அவர் சீலைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

“இண்டைக்கித்தானே!” என்றார்.

“ஓம் சேர், இண்டைக்கித்தான்.”

சத்தம் கேட்டு அதிபர் டீச்சர் உள்ளறையிலிருந்து வந்தார். மகளை மேலும் கீழும் பார்த்து, “வளந்திட்டாள்” என்றார். என்னிடம் திரும்பி, “எத்தின பேர் வந்தாங்க தெரியுமா? ஒருத்தர் மந்திரிட ஆள். உங்கட கடிதத்த எடுத்துக் காட்டினன். இந்த நாளைக்கிப் பிறகு வாங்க, பிள்ள வராட்டித் தாறன் எண்டன். இனி நாளைக்கி வந்து நிப்பார், பாவம்” என்று சிரித்தார்.

இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்துக் கடிதத்தை வாங்கிப் பைலில் சேர்த்தார். வகுப்பு டீச்சர் அலுமாரியிலிருந்து கயிற்றால் கட்டிய ஒரு புத்தகக் கட்டை எடுத்துத் தந்தார். பெயர் இடாப்பில் இருந்தபடியால் ஜனவரியிலேயே மகளுக்கும் சேர்த்துத்தான் எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் வந்திருக்கின்றன.

வகுப்பு வாசல்வரை நானும் போனேன். டீச்சர் இடாப்பை விரித்துப் பெயர்களை வாசித்தார். மகளின் பெயர் வந்ததும், அவள் வாய் திறப்பதற்கு முதல் வகுப்பு முழுக்க ஒரே குரலில் கத்தியது:

“லண்டன்!”

பிறகு எல்லாரும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்தும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். வருடம் முழுக்க, ஒவ்வொரு காலையும் அந்தப் பெயருக்கு அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் லண்டனில் ஒரு நாள்கூட இருக்கவில்லை என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகும்வரைக்கும் அவள் லண்டன்தான்.

சிங்களப் பாடத்தில்தான் பின்தங்கியிருந்தாள். அந்தத் தவணை முழுக்க மாலையில் உட்கார்ந்து படித்தாள்.

கணவர் அக்டோபர் கடைசியில் வந்தார். விடியற்காலை பஸ்ஸில் கல்முனையில் இறங்குவதாகச் செய்தி. மகளை எழுப்பி, “வாப்பாவக் கூட்டி வர வாறியா?” என்றேன்.

“பஸ் பிந்தினா? பள்ளிக்கூடம் இரிக்கி உம்மா. ஒரு நாள் வரவும் வெட்டுப்படக் கூடாது” என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

பஸ் பிந்தித்தான் வந்தது. மெலிந்து போயிருந்தார். பெட்டிக்குள் அடங்காத குளிர்க் கோட்டைப் போட்டுக்கொண்டே கல்முனை வெயிலில் இறங்கினார்.

“மகள் எங்க?”

“பள்ளிக்கூடத்துல.”

அவர் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றி என்னையும் ஏற்றிவிட்டு, “நீ வீட்ட போ. நான் மணி அடிக்கும் மட்டும் கேட்டடியில நிக்கன்” என்றார்.

“இன்னும் மூணு மணித்தியாலம் இரிக்கி. இந்தக் கோட்டோடயா?”

“ஓம்” என்று சொல்லிவிட்டு, கோட்டின் பித்தானைக் கழற்றிக்கொண்டே பள்ளிக்கூடப் பக்கமாக நடந்தார்.