சுவரில் இருந்த சர்க்கரை நோய்

பூதலூரில் இருந்து மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி என்று பாரம்பரிய அரிசிகளை ஆன்லைனில் விற்கிறோம். எங்கள் சரக்கை விற்றுத் தரும் இணையதளம் திடீரென்று விதியை மாற்றியது: உணவுப் பொருள் எந்த நோயையும் தீர்க்கும் என்று சொல்லக் கூடாது, சொன்னால் அந்தப் பொருளைத் தளத்திலிருந்து நீக்கிவிடுவார்கள்.

நானும் நாத்தனாரும் மொத்தப் பட்டியலையும் எக்செல்லில் இறக்கினோம். சர்க்கரை, மூட்டுவலி, மருந்து என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தலைப்பிலும் விவரத்திலும் வெட்டினோம். அத்தனையும் நான் எழுதியவை. கடைசியில் தேடினால் ஒன்றும் வரவில்லை. திருத்தியதை ஏற்றிவிட்டு, காபி போட எழுந்தேன்.

"அண்ணி, படத்தையும் பார்க்கணும்ல?" என்றாள். பார்த்தோம். எல்லா மூட்டைகளையும் குடோன் சுவர் முன்னால் வைத்தே படம் எடுத்திருந்தேன். ஒவ்வொரு மூட்டைக்கும் பின்னால், நானே ஆசையாக எழுத வைத்த பெரிய சிவப்பு எழுத்துகள்: "சர்க்கரை நோய் தீர்க்கும் அரிசி!"

நாத்தனார் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.

மறுநாளே, அதை எழுதிய பெயிண்டரையே கூப்பிட்டு வெள்ளையடிக்கச் சொன்னேன். சுவரை நிமிர்ந்து பார்த்தவர் அக்கறையாகக் கேட்டார்:

"ஏங்க, எல்லாருக்கும் குணமாயிடுச்சுங்களா?"