மிளகில் மாட்டிய பணம்

ஆர்டர் இரண்டு மடங்கானதும் நான் செய்த முதல் காரியம், மச்சினனைச் சந்தேகப்பட்டது. விற்பனை கூடுகிறது, லாபமும் கூடுகிறது, கல்லாப் பெட்டி மட்டும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனால் வேறென்ன நினைப்பது? சாவி அவனிடம்தானே இருந்தது.

நான் அடிவாரத்து ஊர்க்காரன். மலைமேல் செம்மேட்டு வாரச்சந்தையில் தராசு போட்டு, மலைக்காரர்களிடம் பச்சை மிளகு வாங்கி, கீழே எங்கள் களத்தில் காயவைத்து, ஒரு மசாலா கம்பெனிக்கு அனுப்புகிறவன். மூட்டை தராசை விட்டு இறங்கியதும் காசு கை மாறிவிடும். என்னைப் பெற்ற அத்தா காலத்திலிருந்து எங்களுக்கு இருக்கிற நல்ல பெயரே அதுதான். வட்டிக்குக் கடன் வாங்கக் கூடாது என்பதும் அத்தா போட்ட கோடு. கம்பெனியோ, சரக்கு போய்ச் சேர்ந்து ஆறு வாரம் கழித்துத்தான் பணம் போடும். பெரிய இடத்து வியாபாரம் என்ற மிதப்பில் நான் அதைக் கேட்டதே இல்லை.

வாரம் ஒரு லட்சத்துக்கு வாங்கிக்கொண்டிருந்தவன், இரண்டு லட்சத்துக்கு வாங்கத் தொடங்கினேன். நாலாவது சந்தையில் மதியத்துக்குள் பணப்பை காலி.

அப்போதுதான் மலையில் ஆலத்தூர் நாட்டுப் பக்கத்து அம்மா ஒருத்தர் மூன்று மூட்டையோடு வந்தார். என் வயதுதான் இருக்கும். பல வருஷமாக வேறு தராசு பக்கம் திரும்பியே பார்க்காதவர்.

“அடுத்த வாரம் தந்துடுறேம்மா” என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

“ஏனுங்க பாய், இதென்னங்க புதுசா? புள்ளைக்கு காலேஜ் பீஸ் நாளைக்குக் கட்டோணும்ங்க.”

“கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா.”

“ஏவாரம் பெருசாயிருச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. பெருசானா காசு நெறைய இருக்கோணுமில்லீங்க? இருந்த காசெல்லாம் எங்கீங்க போச்சு?”

அவர் மூட்டைகளைத் தூக்கவைத்து, பத்தடி தள்ளியிருந்த அடுத்த வியாபாரியின் தராசில் ஏற்றினார். சந்தையே வேடிக்கை பார்த்தது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் மச்சினனைப் பிடித்து உலுக்கினேன். அவன் கோபப்படவில்லை. “வாங்க மச்சான், காசைக் காட்டுறேன்” என்று களத்துக்குக் கூட்டிப் போனான். ஒரு வாரத்துக் கொள்முதல் அங்கே பாயில் காய்ந்துகொண்டிருந்தது. குடோனில் இரண்டு வாரத்து மூட்டைகள் இருந்தன. முழு லாரி சேர்ந்தால்தான் வாடகை கட்டுப்படியாகும் என்று அவற்றை நிறுத்தி வைத்தது நான்தான். மீதி ஆறு வாரத்துச் சரக்கு கம்பெனியில்.

விரல் விட்டு எண்ணினேன். கையை விட்டுப் போன ரூபாய் திரும்பி வர ஒன்பது வாரம். வாரம் ஒரு லட்சம் என்றால் ஒன்பது லட்சம் வெளியே நிற்கும். எங்கள் கைமுதல் பன்னிரண்டு லட்சம், அதனால் தாங்கியது. வாரம் இரண்டு லட்சம் என்றால் பதினெட்டு லட்சம் வேண்டும். கம்பெனியிலிருந்து அந்த வாரங்களில் வந்துகொண்டிருந்ததோ பழைய சின்ன ஆர்டருக்கான பணம். லாபம் பொய்யில்லை, அது மிளகாகவும் பில்லாகவும் கிடந்தது. அதை வைத்து யாருடைய பீஸையும் கட்ட முடியாது. திருடன் என்று எவனாவது இருந்தால் அது என் அவசரம்தான். மச்சினனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பிரியாணி போடுங்க, சரியாயிடும்” என்றான்.

மறுநாள் கம்பெனி மேலாளருக்கு போன் போட்டேன். “கிலோவுக்குக் கொஞ்சம் விலை குறைச்சுக்கிறேன் சார். லோடு ஏத்துற அன்னைக்கே பாதிப் பணம் வேணும்.” ஆர்டரே போய்விடும் என்று பயந்தேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். இத்தனை வருஷமாக இதை நான் கேட்காமலே இருந்திருக்கிறேன்!

லாரிக்குக் காத்திருப்பதையும் விட்டேன். காய்ந்ததைக் காய்ந்த வாரமே சின்ன வேனில் அனுப்பினோம்; வாடகை கூடத்தான் செய்தது. இப்போது பாதிப் பணம் ஒரு வாரத்தில் வந்தது, மீதி ஏழு வாரத்தில். இரண்டு லட்சத்துக்கு வாங்கினாலும் எட்டு லட்சம்தான் வெளியே நிற்கும். பழைய பாக்கி வந்து சேரும்வரை, கையிலிருந்த அளவுக்கு மட்டுமே வாங்கினேன். வந்தவர்களிடம் தராசில் ஏற்றும் முன்பே அதைச் சொன்னேன்.

அந்த அம்மா ஐந்து சந்தை என் பக்கம் வரவில்லை. ஆறாவது சந்தைக்கு வந்தார். மூட்டையைத் தராசில் வைக்காமல், அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

“காச மொதல்ல காட்டுங்க பாய்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. பையைத் திறந்து, அவர் மடிமேல் வைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தவர் எழுந்து, மூட்டையின் ஒரு முனையைப் பிடித்தார். இன்னொரு முனையை நான் பிடித்தேன்.